கட்டில் கணக்கும் கடைக் கணக்கும்



சம்பளத்துக்கு வேலை செய்பவர் சுகமில்லாமல் படுத்தால் மருத்துவ லீவு எடுப்பார். மாத முடிவில் சம்பளம் வரும். நமக்கு அப்படியில்லை. கடைக் கதவு திறந்தால்தான் காசு. கதவு மூடியிருந்தாலும் வாடகை நிற்காது, கொழும்பு முதலாளிக்குக் கொடுத்த காசோலையின் திகதியும் நிற்காது. இந்த வாரம் இதைப் பற்றித்தான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தையல்காரச் சகோதரருக்கு நடந்ததை வைத்தே எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

அவருக்கு இரண்டு தையல் மெசின், ஒரு உதவிப் பொடியன். நூல், லைனிங், பொத்தான், மின்சாரம், பொடியனின் கூலி எல்லாம் போக மாதம் 80,000 ரூபா மிஞ்சும். அதில் கடை வாடகை 15,000, வீட்டுச் செலவு 60,000. மீதி 5,000. கார்த்திகை மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. யாழ். போதனா வைத்தியசாலையில் ஐந்து இரவுகள் இருந்தார். சத்திர சிகிச்சைக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. ஆனால் காலை ஊன்றி நடக்கப் பன்னிரண்டு வாரம் ஆகுமென்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அவரிடம் ஒரு சிறிய சுகாதாரக் காப்பு இருந்தது. வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் 3,000 ரூபா தரும் திட்டம் அது. ஆள் தைரியமாகத்தான் இருந்தார். காசு வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

"நானா, பன்னிரண்டாயிரம்தான் வந்திருக்கு. நான் மூணு மாசம் படுத்திருக்கிறன், இவங்க நாலு நாளுக்குத்தான் தந்திருக்கிறாங்க."

"தம்பி, நீங்க எத்தனை நாள் படுத்தீங்கண்டு அவங்க பார்க்கல்ல. எத்தனை இரவு வார்ட்டில இருந்தீங்கண்டுதான் பார்த்திருக்கிறாங்க" என்றேன்.

திட்டத்தின் நிபந்தனையில் முதல் இரவு சேராது என்று எழுதியிருந்தது. ஆகவே நான்கு இரவு, 12,000 ரூபா. கம்பனி ஏமாற்றவில்லை. எழுதியதைத்தான் கொடுத்தது. பிழை நமது கணக்கில் இருக்கிறது. நமக்கு நட்டம் நடப்பது வார்ட்டுக் கட்டிலில் அல்ல, வீட்டுக்கு வந்த பிறகுதான். காப்புறுதி கட்டிலை எண்ணுகிறது, நாம் இழப்பதோ கடையில்.

அவருடைய மூன்று மாதக் கணக்கு

மூன்று மாதத்துக்கு வாடகையும் வீட்டுச் செலவும் சேர்த்து அவருக்குத் தேவைப்பட்டது 225,000 ரூபா. காப்பில் வந்தது 12,000. உதவிப் பொடியன் கடையைத் திறந்து வைத்துச் சில்லறைத் திருத்த வேலைகள் செய்ததில் மாதம் 12,000 வீதம் 36,000. மொத்தம் 48,000. துண்டு விழுந்தது 177,000. அதற்கு ஒரு மெசினை விற்றார், மனைவியின் நகையை அடகு வைத்தார். இதற்கிடையில் துணிக்கடைக்குக் கொடுத்திருந்த 45,000 ரூபாக் காசோலை திரும்பிவிட்டது. கால் சுகமான பிறகு கடைக்குப் போனால் வேலை செய்ய ஒரு மெசின்தான் இருந்தது, கடனுக்குத் துணி தர ஆளுமில்லை. அவருக்குக் காலை விடப் பெரிய முறிவு இதுதான்.

இதில் எதைத் தடுத்திருக்கலாம் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு இடம் தெரிந்தது. ஒன்று, எடுத்த காப்பின் வகை. மற்றது, வேலையை ஒழுங்கு செய்திருந்த முறை. இரண்டாவதுதான் பெரியது.

எந்தக் காப்பு, எதற்கு?

சுயதொழில் செய்பவருக்குப் பயன்படும் சிறிய காப்புகள் இரண்டு வகை. ஒன்று, மேலே சொன்ன இரவுக் கணக்கில் தருவது. நோய்க்கும் தரும், விபத்துக்கும் தரும். பொதுவாக அரச வைத்தியசாலையில் படுத்தாலும் கிடைக்கும். சிகிச்சை இலவசம் என்பதால் அந்தக் காசு முழுக்க வீட்டுக்கே வரும். அது நல்ல விசயம்தான். ஆனால் இரவு முடிந்தால் காசும் முடிந்துவிடும்.

மற்றது, தனிநபர் விபத்துக் காப்பு. மரணத்துக்கும் கை கால் இழப்புக்கும் மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். இதனுள்ளே தற்காலிக முழு இயலாமைக்கு வாரக் கொடுப்பனவு என்றொரு பகுதி இருக்கிறது. சில திட்டங்களில் சேர்ந்தே வரும், சிலவற்றில் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். விபத்தினால் தொழில் செய்ய முடியாதென்று டொக்டர் எழுதித் தரும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தொகை தருவார்கள், வீட்டில் இருந்தாலும் சரி. நமக்குத் தேவையானது இந்தப் பகுதிதான். ஏஜண்ட் வந்தால் "மரணத்துக்கு எவ்வளவு?" என்று கேட்பதோடு நிற்காமல் "தொழிலுக்குப் போக முடியாத வாரத்துக்கு எவ்வளவு? எந்த வாரத்திலிருந்து? எத்தனை வாரம் வரை? மோட்டார் சைக்கிள் விபத்தும் சேருமா?" என்று நான்கு கேள்வியையும் கேளுங்கள். பதிலை வாயால் வாங்காமல் பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. இது நோய்க்குத் தராது. டெங்கு வந்தால் இந்தக் காப்பில் ஒன்றும் கிடைக்காது. 2017 ஆம் ஆண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. நமது பகுதியில் மழை முடியும் காலத்தில் அது வரும் போகும் விருந்தாளி. வார்ட்டில் சில இரவுகள் இருந்துவிட்டு வந்தாலும் உடம்பு பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்கு இரவுக் கணக்குக் காப்பும் கைச் சேமிப்பும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை, சுயதொழிலாளருக்கு ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. பிரதேச செயலகத்தில் விசாரித்துச் சேரலாம். முதுமைக்கும் நிரந்தர இயலாமைக்கும் அது உதவும். மூன்று மாதப் படுக்கைக்கு அதை நம்பியிருக்க முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மார்க்க விடயத்தில் கவனமாக இருப்பவர்கள் "இது கூடுமா?" என்று கேட்பார்கள். 1985 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, இலாப நோக்கிலான வர்த்தகக் காப்புறுதியைக் கூடாதென்றும், ஒருவருக்கொருவர் நன்கொடை அடிப்படையில் உதவும் கூட்டுறவுக் காப்புறுதியை ஆகுமானதென்றும் தீர்மானித்தது. தகாபுல் அந்த அடிப்படையில் வந்தது. நமது நாட்டில் 1999 இல் அமானா தகாபுல் தொடங்கியதிலிருந்து இந்த வழி இருக்கிறது. குறித்த ஒரு திட்டத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிம்களிடம் பத்திரத்தோடு போய்க் கேளுங்கள்.

கோரிக்கை தட்டுப்படும் இடங்கள்

காசு கிடைக்காமல் போவது பெரும்பாலும் மூன்று இடத்தில்.

முதலாவது, விண்ணப்பப் படிவம். "நீங்க கையெழுத்தை மட்டும் போடுங்க, மிச்சத்தை நான் நிரப்புறன்" என்று ஏஜண்ட் சொல்வார். சீனி வருத்தம், பிரசர் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று போட்டுவிடுவார். நமக்கும் தவணைக் காசு குறைவாக இருப்பது சந்தோசம். வருத்தம் வந்து கோரிக்கை அனுப்பினால் உங்கள் கிளினிக் புத்தகமே உங்களுக்கு எதிரான சாட்சி. உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அந்த வருத்தத்துக்கு மட்டும் காப்பு இல்லையென்றாலும் மற்றவைக்கு இருக்கும். மறைத்தால் எல்லாமே போகலாம். சேர்ந்த ஆரம்பக் கிழமைகளில் வரும் நோய்க்கு இல்லை என்ற காத்திருப்புக் காலமும் இருக்கும். காய்ச்சல் வந்த பிறகு காப்பு எடுக்க முடியாது.

இரண்டாவது, முறிவு நெரிவு வைத்தியம். நமது பக்கத்தில் எலும்பு முறிந்தால் பரம்பரை வைத்தியரிடம் போய்ப் பத்துப் போடுபவர்கள் நிறையப் பேர். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வார்ட்டில் தங்காதவருக்கு இரவுக் கணக்கு இல்லை. எக்ஸ்ரேயும் டயக்னோசிஸ் கார்டும் இல்லாமல் விபத்துக் கோரிக்கையும் நகராது. எங்கே வைத்தியம் செய்தாலும் முதலில் அரச வைத்தியசாலைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பதிவு செய்துவிடுங்கள். வீதி விபத்தென்றால் பொலிஸ் முறைப்பாடும், மோட்டார் சைக்கிள் ஓட்டியவரென்றால் செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரமும் கேட்பார்கள்.

மூன்றாவது, வருமானத்துக்கு ஆதாரம். வாரத்துக்கு இவ்வளவு என்று தருபவர் "உங்கள் வருமானம் எவ்வளவு?" என்று கேட்பார். மாதம் 80,000 உழைக்கும் நமது தையல்காரரின் வங்கிப் புத்தகத்தில் ஆறு மாதமாக ஒரு வரவும் இல்லை. எல்லாம் லாச்சியில் வந்து லாச்சியிலேயே போனது. வியாபாரப் பெயர்ப் பதிவும், வாரம் ஒரு தடவையாவது வங்கியில் வைப்புச் செய்த பதிவும் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். அதன் பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் போகலாம்.

நிறுத்தக்கூடிய வேலை, கைமாற்றக்கூடிய வேலை, நிற்காத வேலை

இனி வேலைக்கு வருவோம். தையல்காரரின் கடையில் அவர் இல்லாத போது வேலை ஏன் நின்றது? பொடியன் நன்றாகத் தைப்பான். ஆனால் துணி வெட்டுவது மாஸ்டர் ஒருவர்தான். அளவுப் புத்தகத்தில் அவர் எழுதியிருந்தது அவருக்கு மட்டுமே விளங்கும் குறிப்பு. பாதி அளவு அவருடைய தலைக்குள்ளேயே இருந்தது. மெசின் இருந்தது, ஆள் இருந்தது, துணியும் இருந்தது. வெட்டிய துணிதான் இல்லை. ஒவ்வொரு கடையிலும் இப்படி ஒரு வெட்டுக் கத்தரி இருக்கும். ஹார்ட்வெயாரில் விலைப் பட்டியல், பழைய இரும்புக் கடையில் தராசும் விலை பேசும் வாயும், புடவை வியாபாரியிடம் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கடன் கொப்பி. அது உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் நீங்கள் படுத்த அன்றே கடையும் படுத்துவிடும்.

ஆகவே வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்.

நிறுத்தக்கூடியது: திகதி இல்லாத ஓடர்கள், அடுத்த தவணைக்கான பாடசாலைச் சீருடை போன்றவை. வாங்கும் போதே "ஒரு மாதம்" என்று சொல்லி, பற்றுச்சீட்டில் எழுதி, முற்பணத்தைக் குறைவாக வாங்க வேண்டும். முற்பணத்தை முழுக்க வாங்கிச் செலவழித்துவிட்டால் அந்த வேலையை நிறுத்தி வைக்க முடியாது. அது கடனாகிவிடும். கடையில் எப்போதும் பாதியாவது இந்த வகை வேலையாக இருப்பது நல்லது.

கைமாற்றக்கூடியது: கலியாண உடுப்பு, பெருநாள் உடுப்பு. இவை திகதியோடு வருபவை, காத்திருக்காது. இதற்கு இன்னொரு தையல்காரரோடு சுகமாக இருக்கும் போதே பேசி வைக்க வேண்டும். அவர் படுத்தால் நான் தைப்பேன், நான் படுத்தால் அவர் தைப்பார், கூலியில் இத்தனை பங்கு கடைக்காரருக்கு, வாடிக்கையாளர் திரும்பப் பழைய கடைக்கே. இதை இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்தால் பின்னால் மனஸ்தாபம் வராது. வாடிக்கையாளர் கைமாறிவிடுவார் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. திகதிக்கு உடுப்புக் கொடுக்காவிட்டால் அவர் எப்படியும் போய்விடுவார்.

நிற்காதது: காசோலை, வாடகை, தவணைக் கடன். இதில் காசோலைதான் ஆபத்து. நமது தையல்காரர் செய்த பிழை, திகதி வரும் வரை பேசாமல் இருந்தது. படுத்த இரண்டாம் நாளே துணிக்கடை முதலாளிக்கு ஒரு போன் போட்டிருந்தால், வங்கியில் போடாமல் வைத்துத் திகதி மாற்றி வேறு காசோலை வாங்கியிருப்பார். வங்கியில் போட்டுத் திரும்பிய பிறகு பேசினால் அதற்குப் பெயர் மன்னிப்பு, வியாபாரம் அல்ல. எந்த நேரத்திலும் வெளியே நிற்கும் காசோலைகளின் தொகையை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, அந்தக் கொப்பி எங்கே இருக்கிறதென்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். கணக்கில் மனைவியையோ மகனையோ கையொப்பதாரராகச் சேர்க்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். நீங்கள் மயக்கத்தில் இருக்கும் போது உங்கள் காசையே எடுக்க வழியில்லாமல் வீட்டார் நிற்கக் கூடாது.

இந்தப் பிரிப்பை உடம்பை வைத்தும் பார்க்க வேண்டும். கால் முறிந்தவரால் உட்கார்ந்து வேலை செய்யலாம். காய்ச்சல்காரரால் எதுவும் முடியாது. கை முறிந்தவரால் பேசலாம், மேற்பார்வை பார்க்கலாம். நமது தையல்காரர் நான்கு வாரத்துக்குப் பிறகு, டொக்டரைக் கேட்டுக்கொண்டு, உயரமான ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து வெட்டியிருக்கலாம். மேசை சுவரோடு ஒட்டியிருந்தபடியால் நின்று வெட்டித்தான் பழக்கம். அந்த யோசனை அப்போது வரவில்லை. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. வாரக் கொடுப்பனவு தொழில் செய்ய முடியாத காலத்துக்குத்தான். முழு இயலாமை என்று எழுதி வாங்கிக்கொண்டு கடையில் உட்கார்ந்து துணி வெட்டினால் அது பொய்யாகிவிடும். வேலை தொடங்கிய திகதியைச் சொல்லிவிட வேண்டும். பகுதி இயலாமைக்குக் குறைந்த தொகை தரும் திட்டங்களும் உண்டு.

மீண்டும் போட்ட கணக்கு

இவை எல்லாம் ஒழுங்காக இருந்திருந்தால்? இரவுக் கணக்கில் அதே 12,000. விபத்துக் காப்பில் வாரம் 6,000 என்று வைத்து, முதல் வாரத்தைக் கழித்து, வேலை தொடங்கும் வரை மூன்று வாரத்துக்கு 18,000. அளவுப் புத்தகம் தெளிவாகவும் இரண்டு வாரத்துக்கு வெட்டிய துணி கட்டாகவும் இருந்திருந்தால் முதல் மாதம் பொடியனின் தையலில் 20,000. அவர் உட்கார்ந்து வெட்டத் தொடங்கியதும் இரண்டாம் மாதம் 40,000, மூன்றாம் மாதம் 55,000. வேலையில் மட்டும் 115,000. எல்லாம் சேர்த்து 145,000. தேவை 225,000 என்றால் துண்டு 80,000. 177,000 இலிருந்து 80,000 ஆக இறங்கியிருக்கிறது. மெசின் தப்பியிருக்கும். இறங்கியதில் பெரும் பகுதி வேலை ஒழுங்கினால் வந்தது, காப்பினால் அல்ல என்பதைக் கவனியுங்கள். மாறாக, கை முறிந்து பன்னிரண்டு வாரமும் வெட்டவே முடியாமல் போயிருந்தால் அதே விபத்துக் காப்பு பதினொரு வாரத்துக்கு 66,000 தந்திருக்கும். வேலை செய்ய முடிந்தால் வேலை, முடியாவிட்டால் காப்பு. ஒன்றின் இடத்தை மற்றது நிரப்ப வேண்டும்.

மிச்சம் 80,000 க்கு ஏறக்குறைய ஒரு மாதச் செலவைக் கைச் சேமிப்பாக வைத்திருக்க வேண்டும். கோரிக்கைப் பணம் படுத்த அன்றே வராது, கடதாசி எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். அதுவரை தாங்குவதும் இந்தச் சேமிப்புத்தான்.

ஒரு தெருவின் சட்டி

நோய்க்கு வாரக் கொடுப்பனவு தரும் சிறிய காப்பு நமது கைக்கு எட்டுவது கஷ்டம். இந்த இடைவெளிக்கு நெதர்லாந்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே சுயதொழிலாளருக்கான அரச இயலாமைக் காப்பு 2004 இல் நிறுத்தப்பட்டது. 2006 இல் சில சுயதொழிலாளர் சேர்ந்து ‘புரோட்பொண்ட்ஸ்’ என்ற முறையைத் தொடங்கினார்கள். ரொட்டி நிதி என்று பொருள். ஒரு குழுவில் 20 முதல் 50 பேர் வரை, ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். ஒவ்வொருவரும் மாதாமாதம் தனது பெயரிலுள்ள கணக்கிலேயே சேமிக்கிறார். ஒருவர் நோயில் படுத்தால் மற்ற எல்லோரும் தங்கள் கணக்கிலிருந்து சிறு தொகையை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள். ஆகக் கூடியது இரண்டு வருடம். விலகிப் போனால் மிச்சக் காசு அவருடையதே.

இதைப் படித்த போது எனக்கு அஷ்அரி கோத்திரத்தாரைப் பற்றிய ஹதீஸ்தான் ஞாபகம் வந்தது. உணவு குறைந்தால் இருப்பதை எல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிடுவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அவர்களைப் புகழ்ந்தார்கள்.

ஒரு தெருவில் இருபது கடைக்காரர் என்று வையுங்கள். படுத்தவருக்கு மற்றப் பத்தொன்பது பேரும் மாதம் 1,500 வீதம் கொடுத்தால் 28,500. வாடகையும் அரிசி பருப்பும் நடக்கும். முதல் இரண்டு வாரம் சொந்தச் செலவு, டொக்டர் சான்றிதழ் அவசியம், ஆகக் கூடியது மூன்று மாதம், எந்த நேரத்திலும் இருவருக்கு மேல் இல்லை என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் ஒரு டெங்குக் காலத்தில் ஐந்து பேர் ஒன்றாகப் படுத்து மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எல்லோருடைய காசையும் ஒருவருடைய கையில் கொடுப்பதும் வேண்டாம். சீட்டுப் பிடித்தவர் ஓடிய கதைகள் நமக்குத் தெரியும். அவரவர் காசு அவரவர் கணக்கில் இருக்கட்டும்.

நமது தையல்காரர் இப்போது நன்றாக நடக்கிறார். மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, ஸ்டூல் போடும்படி வைத்திருக்கிறார். அளவுப் புத்தகம் புதிது. நெஞ்சு, இடுப்பு, நீளம் என்று முழுச் சொல்லில், பொடியனின் கையெழுத்தில் இருக்கிறது. விற்ற மெசினை இன்னும் வாங்கவில்லை. அதற்குக் காசு சேர்க்கிறார். இன்ஷா அல்லாஹ், வரும் பெருநாளுக்கு முன் வாங்கிவிடுவதாகச் சொன்னார்.

வஸ்ஸலாம்.